காதில் நின்ற காளைத் தலை: ஒரு தலைக்கவசத்தை இரண்டாம் முறை அச்சிட்ட நிகழ்வு ஆய்வு

முதல் தலைக்கவசம் என் தங்கை மகளின் காதுகளுக்கு மேலே நின்றுவிட்டது. அழுத்தினால் காது மடங்கியது. முன்னால் இழுத்தால் மூக்கு இடித்தது. 61 மணி நேரம் முப்பரிமாண பிரிண்டரில் துண்டுகளாக அச்சிட்டு, ஒட்டி, பாதி தேய்த்து முடித்திருந்த கவசம் அது. "மாமா, தலை பெரிதா, இது சிறிதா?" என்று உள்ளே இருந்து கேட்டாள். இரண்டும் இல்லை என்பது அடுத்த நாள் அளவு நாடாவோடு உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். தமிழே வீட்டு மொழி. பொருள் வாங்கக் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் போவோம். அவள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். மார்ச் மாத விழாவில் வேடம் போடுவதற்காக, காங்கேயம் காளையின் தலையை வைத்து ஒரு வீராங்கனையின் உருவத்தைத் தானே வரைந்திருந்தாள். முகம் முழுவதையும் மூடும் கவசம், மேலே இரண்டு கொம்பு, பிடரியில் திமிலைப் போல ஒரு மேடு. கொம்பைச் சேர்க்காமல் முன்பின் 27 செ.மீ., குறுக்கே 25 செ.மீ., உயரம் 31 செ.மீ. என் பிரிண்டரின் தட்டு 22 செ.மீ. சதுரம், உயரம் 25 செ.மீ. ஆகவே துண்டு போட்டே ஆகவேண்டும். எங்கே வெட்டுவது என்பதைத் தட்டின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்தேன். முதல் பிழை அங்கேதான் நடந்தது.

தலையை அளக்காமல் இல்லை. நெற்றியைச் சுற்றி 55 செ.மீ. கவசத்தின் உட்சுற்றளவு அதே மட்டத்தில் 66 செ.மீ. வித்தியாசமான 11 செ.மீ.யை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் 3.5 செ.மீ.; அதாவது சுற்றிலும் ஏறக்குறைய 17 மி.மீ. இடைவெளி. ஃபோம் வைக்கத் தாராளமான இடம் என்று திருப்தியாக இருந்துவிட்டேன். ஆனால் தலை நெற்றி மட்டத்தில் நுழைவதில்லை. கழுத்து வழியாக நுழைகிறது. அந்தக் கழுத்து வாய் உட்புறத்தில் முன்பின் 19.4 செ.மீ., குறுக்கே 16.2 செ.மீ. அவளுக்கு மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை 20.8 செ.மீ.; காதுக்குக் காது, மடலையும் சேர்த்து, 17.6 செ.மீ. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலும் வாய் குறுகலாகத்தான் இருக்கிறது; ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் மெத்தை அமுங்குகிறது, வாரைப் பிடித்து இழுத்தால் கன்னப்பகுதி சற்று விரிகிறது. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்ட சுவர் விரியாது, விரித்தால் அடுக்குகளுக்கு இடையில் விரிசல் விடும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, மொத்தத்தையும் பெரிதாக்குவது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயில் தலை நுழையவேண்டுமானால் 12 சதவீதம் கூட்டவேண்டும். அப்போது குறுக்கே 28 செ.மீ.; உயரம் 35 செ.மீ.யை நெருங்கும். அவள் உயரம் 157 செ.மீ. தோளின் மேல் பானையைக் கவிழ்த்ததுபோல் இருக்கும். தலை நுழைவதற்காக மட்டும் தேவைப்படும் அளவை, அணிந்திருக்கும் நேரமெல்லாம் தலையில் சுமப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கவசத்தைத் திறக்கும்படி செய்வதே சரி. முகம் ஒரு பாகம், பின்மண்டை ஒரு பாகம். முகத்தை முன்னாலிருந்து வைத்துக்கொண்டு பின்பாகத்தைக் காந்தத்தால் மூடிக்கொள்ளலாம்.

இந்த முறை முழுக்கவசத்தை அச்சிடுவதற்கு முன்னால் வளையங்களை அச்சிட்டேன். கணினியில் இருக்கும் உருவத்தை மூன்று மட்டங்களில், 8 மி.மீ. உயரத்துக்கு, வாழைத்தண்டை நறுக்குவதுபோல் நறுக்கவேண்டும்: கழுத்து வாய், காது, புருவம். தட்டைவிடப் பெரிதாக இருந்ததை இரண்டு வில்லாக அச்சிட்டு டேப் ஒட்டினேன். மூன்றுக்கும் சேர்த்து 50 கிராம்கூடச் செலவாகவில்லை. காது மட்ட வளையத்தை அவள் தலையில் பிடித்து, இரு பக்கமும் 12 மி.மீ. ஃபோம் துண்டைச் செருகிப் பார்த்தோம். மூக்குக்கண்ணாடியின் காம்பு இடித்தது. அந்த மட்டத்தில் உள்ளகலம் 19.2 செ.மீ.; எனக்கு 20 செ.மீ. வேண்டியிருந்தது. முன்பின்னும் உயரமும் அப்படியே இருக்க, குறுக்கே மட்டும் 104 சதவீதமாக்கினேன். வளையத்தை மறுபடி அச்சிட்டுப் பார்த்தோம். சரியாக அமர்ந்தது.

ஒரு திசையில் மட்டும் நீட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வட்டத் துளையெல்லாம் முட்டை வடிவமாகிவிடும். கொம்பு செருகும் 30 மி.மீ. துளை குறுக்கே 31 மி.மீ.க்கும் மேல் போய்விட்டது. வட்டமான முளை அதில் ஆடியது. ஆகவே நீட்டலை முதலில் முடித்துவிட்டு, துளை, முளை, காந்தக் குழி ஆகியவற்றை அதற்குப் பிறகே உருவத்தில் வெட்டவேண்டும்.

இனி சுவர். முதல் கவசத்தின் இன்னொரு தோல்வி இங்கே இருந்தது. உச்சியில் உப்புத்தாள் போட்டபோது ஓட்டை விழுந்தது. 3 மி.மீ. சுவரில் எப்படி ஓட்டை விழும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அது 3 மி.மீ. திடமான சுவர் அல்ல. பிரிண்டர் பிளாஸ்டிக்கைக் கோடுகோடாகத்தான் இடுகிறது. வெளிப்புறம் இரண்டு கோடு, உட்புறம் இரண்டு கோடு, நடுவில் பெரும்பாலும் காலியாக இருக்கும் 10 சதவீத நிரப்பல். இரண்டு கோடு சேர்ந்து 0.9 மி.மீ. நேர்ச்சுவரில் அந்த 0.9 முழுவதும் தோலாக நிற்கும். ஆனால் உச்சிக்கு அருகில் பரப்பு படுத்துக்கொள்கிறது. அங்கே சரிவு 20 பாகை என்றால், கிடைமட்டத்தில் 0.9 மி.மீ. இருக்கும் தோலின் உண்மையான தடிமன் 0.3 மி.மீ.தான். அதன் மேலேயே 0.2 மி.மீ. அடுக்குகள் படிக்கட்டுப்போல் நிற்கின்றன. அந்தப் படிகள் மறையும்வரை தேய்த்தால் தோலில் பாதிக்கு மேல் போய்விடும். நான் அதைத்தான் செய்திருந்தேன். இதற்காகவே, உருவத்தை அடுக்கடுக்காக நறுக்கிப் பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருளான ஸ்லைசரில் `Ensure vertical shell thickness` என்ற அமைப்பு இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தேன். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்திருந்தால் தேய்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். மெல்லிய இடம் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். இப்போது ஒவ்வொரு துண்டையும் தட்டிலிருந்து எடுத்தவுடன் கைப்பேசி விளக்கை உள்ளே வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது கவசத்தில் சுவரை 2.4 மி.மீ. ஆகக் குறைத்தேன். குறைத்தேன், ஆனால் திடமாக்கினேன். பிளாஸ்டிக் வெளியே வரும் 0.6 மி.மீ. நாசிலில் 0.6 மி.மீ. கோடு நான்கு, நடுவில் காலி இடமே இல்லை. சுவரின் தடிமனும் கோட்டின் அகலமும் சரியாக வகுபடாவிட்டால் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அதைத் தட்டினால் ஓடுபோல் ஒலிக்கும். கோட்டின் அகலத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் `Arachne` முறை 2022 முதல் பரவலான ஸ்லைசர்களில் கிடைக்கிறது. அது இந்த இடைவெளியை நன்றாகவே அடைக்கிறது என்றாலும், வகுபடும் தடிமனை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. உச்சித் துண்டுகளை நிமிர்த்தி வைக்காமல், எந்த இடத்திலும் மேல்பரப்பின் சரிவு 45 பாகைக்குக் குறையாதபடி சாய்த்து அச்சிட்டேன். உள்ளே தாங்கிகள் அதிகமாயின. உட்புறம் சொரசொரவென்று இருந்தது. அதை யாரும் பார்க்கப்போவதில்லை, ஃபோம் மூடிவிடும்.

வெட்டுக் கோடுகளை உருவத்தின் சொந்தக் கோடுகளில் ஒளித்தேன். முகத்தை நெற்றி முதல் மூக்குவரை ஓடும் நடுமேட்டில் இரண்டாக்கி, புருவ மடிப்பில் மறுபடி குறுக்கே வெட்டியபோது நான்கு துண்டு. பின்பாகம் திமில் மேட்டில் பிளந்து இரண்டு துண்டு. முதல் முறை கன்னத்தின் வழவழப்பான நடுவில் வெட்டு விழுந்திருந்தது. எவ்வளவு பட்டி பூசினாலும் வெளிச்சம் சாய்வாகப் பட்டபோது அது தழும்பாகத் தெரிந்தது. மேட்டில் விழும் இணைப்பை முழுமையாக மறைக்கவே வேண்டாம்; அது மேடாகவே இருக்கட்டும்.

இணைப்புக்கு, பிரிண்டருக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழையான 1.75 மி.மீ. ஃபிலமென்டையே துண்டு நறுக்கி ஆணியாகப் பயன்படுத்தலாம். துளை 2 மி.மீ. ஆனால் 2.4 மி.மீ. சுவரில் 2 மி.மீ. துளை போட்டால் இருபுறமும் காகிதம்தான் மிஞ்சும். ஆகவே வெட்டு விளிம்பையொட்டி 12 மி.மீ. அகலத்துக்கு மட்டும், உட்புறமாக, சுவரை 5 மி.மீ. ஆக்கினேன். ஆணி அங்கே பிடிக்கும், பசைக்கும் பரப்பு கிடைக்கும். மற்ற இடமெல்லாம் மெலிதாக இருப்பதால் எடை ஏறவில்லை. கொம்பு இல்லாமல் 640 கிராம்.

துண்டுகள் ஒன்றோடு ஒன்று உட்காராததற்கு என் அனுபவத்தில் இரண்டு காரணம். ஒன்று, முதல் அடுக்கு தட்டில் நசுங்கி வெளியே பிதுங்குவது. கண்ணாடிப் பலகையில் 120 உப்புத்தாளை ஒட்டி, வெட்டு முகத்தை அதன்மேல் நான்கைந்து முறை இழுத்தால் அது போய்விடும். மற்றொன்று மூலை தூக்குவது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் காற்று பிப்ரவரியில் எங்கள் அறைக்குள் நேராக வருகிறது. ஜன்னலோரத்தில் அச்சிட்ட தாடைத் துண்டின் மூலை ஒரு மி.மீ. தூக்கிவிட்டது. தூக்கிய மூலையைத் தேய்த்துச் சமன் செய்யக்கூடாது. தேய்த்தால் அந்தத் துண்டு முழுவதும் கோணலாகிவிடும். அதைத் திரும்ப அச்சிட்டேன், இம்முறை அட்டைப்பெட்டியால் மூடி, விளிம்பைச் சுற்றி 8 மி.மீ. பட்டை விட்டு.

ஆறு துண்டையும் உடனடிப் பசையால் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வைத்தேன். பிறகு உட்புறம் இணைப்பு நெடுக எபாக்சி தடவிக் கண்ணாடி இழைத் துணிப் பட்டையைப் படுக்க வைத்தேன். கவசத்தின் உண்மையான பலம் அந்தப் பட்டைதான். அதன் தூள் தோலில் அரிக்கும் என்பதால் காய்ந்தபின் ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கி, மேலே இன்னொரு பூச்சு எபாக்சி கொடுத்துவிட வேண்டும்.

மெருகேற்றும் வேலையை எங்கள் ஊர் கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அண்ணனிடம் கற்றேன். 'உன் அச்சு எனக்குத் தெரியாது, பரப்பு எனக்குத் தெரியும்' என்றார். பி.எல்.ஏ.யை அசிட்டோன் கரைக்காது. அந்த வழி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்குத்தான். இங்கே நிரப்பித் தேய்ப்பது ஒன்றே வழி. முதலில் 120 உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்றோம். பட்டி பிடிக்க அந்தக் கீறல் வேண்டும். சுழலும் இயந்திரத்தைத் தொட விடவில்லை, ஏனென்றால் பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 பாகைச் சூட்டில் இளகும். இயந்திரம் ஒரே இடத்தில் சில வினாடி நின்றாலே பரப்பு இழைந்து திரியும்.

கார் பட்டிக்குக் கெட்டியாக்கி 100 கிராமுக்கு 2 கிராம்போல. எங்கள் வெயிலில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிட்டது. எனவே எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் ஒருமுறை கலக்கவில்லை. பூசுவதைவிட வழிப்பது முக்கியம். தகட்டை அழுத்தி இழுத்தால் அடுக்குகளின் பள்ளத்தில் மட்டும் பட்டி தங்கும். பிறகு 180, 220. பிறகு கெட்டியான பிரைமர். அதன் மேல் அண்ணன் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்தில் நின்று தூறல்போல் தெளித்தார். இப்போது 320 வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு தேய்த்தால் மேடெல்லாம் சாம்பல் நிறமாகும். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி. மூன்று சுற்று இப்படிப் போனது. நான் போதும் என்ற இடத்தில் அவர் மெல்லிய பருத்தித் துணியைப் பரப்பின்மேல் போட்டு, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினார். இடது கன்னத்தில் நான் பார்க்காத ஓர் அலையைக் கண்டுபிடித்தார். உலர்ந்த பட்டியைத் தேய்க்கும்போது இருவரும் என்95 முகக்கவசம் அணிந்திருந்தோம். அந்தத் தூள் மாவைவிட நைசானது.

திறந்து மூடும் கவசத்தில் பட்டி பூசுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை நான் அறியாமல் தொடங்கியதில் ஒரு நாள் வீணானது. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தனித்தனியாகப் பூசித் தேய்த்தேன். இரு விளிம்பிலும் அரை மி.மீ. ஏறிவிட்டது. காந்தங்கள் தொடவில்லை, தொடாத காந்தத்தின் பிடி மளமளவென்று குறைந்துவிடும். அண்ணன் சொன்ன தீர்வு எளிது. பின்பாகத்தின் விளிம்பில் பார்சல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டவேண்டும். முன்பாகத்தின் விளிம்பில் பட்டியைச் சற்று அதிகமாக வைத்து, இரண்டையும் மூடி இறுக்கிக் கட்டவேண்டும். டேப்பில் பட்டி ஒட்டாது. இறுகியபின் பிரித்தால் ஒரு விளிம்பின் அச்சு மற்றதில் அப்படியே படிந்திருக்கும். பிதுங்கியதை மூடிய நிலையிலேயே தேய்த்துச் சமன் செய்தோம். அந்த இணைப்பில் இன்றைக்கும் நகம் நுழையாது.

காந்தம் 10 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன், நான்கு ஜோடி. ஒட்டும்முன் எல்லாவற்றையும் ஒரே அடுக்காகச் சேர்த்து, மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள். முன்பாகத்தில் புள்ளி வெளியே பார்த்தால் பின்பாகத்தில் புள்ளி உள்ளே போகவேண்டும்.

பிரைமர் காய்வதற்குப் பின்பாகத்தை மொட்டை மாடியில் வைத்தது என் தவறு. அடர்சாம்பல் நிறம், மதிய வெயில், கீழே சூடான தளம். ஒன்றரை மணி நேரத்தில் கழுத்துப் பக்க விளிம்பு 6 மி.மீ. விரிந்துவிட்டது. பார்வைக்குத் தெரியவில்லை, மூடியபோது கீழ்க் காந்தம் மட்டும் ஒட்டாததால் தெரிந்தது. முன்பாகத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, ஹேர் டிரையரால் உட்புறத்தைச் சூடேற்றி, கட்டியபடியே ஆறவிட்டேன். திரும்பி வந்தது. பிரைமரில் இரண்டு வெடிப்பு விழுந்தது; அதைத் திரும்பப் பூசினோம். பூட்டிய காருக்குள் வைப்பதும் இதே கதைதான். வெயிலில் நிற்கும் காரில் கொண்டுபோக வேண்டியவர்கள் ஏறக்குறைய 80 பாகை தாங்கும் பி.இ.டி.ஜி.யையோ, 100ஐத் தொடும் ஏ.எஸ்.ஏ.யையோ பார்க்கலாம். ஏ.எஸ்.ஏ.வுக்கு மூடிய பிரிண்டர் வேண்டும், எங்கள் காற்றில் திறந்த பிரிண்டரில் அது பிளக்கும். அவள் பஸ்ஸில் போகிறாள் என்பதால் நான் பி.எல்.ஏ.யிலேயே நின்றேன்.

கொம்புகளை ஒற்றைச் சுவராக, 0.8 மி.மீ. தடிமனில், சுழன்று ஏறும் முறையில் அச்சிட்டேன். ஒன்று 90 கிராம். கனமான கொம்பு தலையைப் பின்னால் இழுக்கும். அவள் குனியும்போது கவசம் முன்னால் சரியும். இந்தச் சுவரில் உப்புத்தாள் போடவே கூடாது. பட்டியால் மட்டும் நிரப்பி, பட்டியை மட்டும் தேய்க்கவேண்டும்.

ஃபோம் வைப்பதில் உச்சியில்தான் தொடங்கினோம். உச்சி மெத்தை 10 மி.மீ. தடித்தால் கவசம் 10 மி.மீ. உயரும், அதோடு பார்வைத் துளையும் உயரும். காளையின் கண் பக்கவாட்டில் இருப்பதால் அவள் பார்ப்பது மூக்குத்தண்டின் மடிப்பில் வைத்த கறுப்பு வலை வழியாக. அங்கே 10 மி.மீ. என்பது படியைப் பார்ப்பதற்கும் பார்க்காததற்கும் உள்ள வித்தியாசம். மெத்தைகளை வெல்க்ரோவில் ஒட்டி, கால் மணி நேரம் வீட்டுக்குள் நடக்கச் சொன்னேன். கழற்றியதும் நெற்றியில் சிவப்புத் தடம் பார்த்தோம். வலது புருவத்தில் மட்டும் அழுத்தம். அங்கே 4 மி.மீ. சீவினேன். கண்ணாடிக் காம்புக்கு இரு கன்ன மெத்தையிலும் காடி வெட்டினேன். மூக்குத் துளைக்குப் பின்னால் 5 வோல்ட்டில் ஓடும் 40 மி.மீ. விசிறி ஒன்று காற்றை உள்ளே தள்ளுகிறது. பவர் பேங்க் இடுப்பில். விசிறியை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொள்கிறது.

விழாவில் 35 நிமிடம் அணிந்திருந்தாள். யாருடைய உதவியும் இல்லாமல், பிடரியில் கையை வைத்துத் தானே திறந்து கழற்றினாள் என்று தோழி அனுப்பிய காணொளியில் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது இடது கொம்பு கம்பியில் இடித்து, வேரடியில் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. உள்ளே எபாக்சித் துணிப் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். மற்றக் கொம்புக்கும் அதே பட்டையை இப்போதே வைத்துவிட்டேன். இடது கன்ன மெத்தையில் இன்னும் 3 மி.மீ. எடுக்கச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அணிந்து காட்டிய பிறகே கத்தியை வைப்பேன்.